இருபத்தாறு இடம் தள்ளிய எழுத்துகள்

கல்லூரிப் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது: கோடிங் அசைன்மென்டுக்கு வேண்டிய ரகசிய எண்ணாக, நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் ப்ளாக் எண்ணையே வைத்தால் என்ன? மறக்காது. எனக்குப் பதினொன்று. அசைன்மென்டில் எனக்கு ஜோடியான தோழிக்குப் பதினேழு.

செய்தியைப் பூட்டி அனுப்பும் சீசர் முறையில் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் சில இடம் தள்ள வேண்டும். எத்தனை இடம் என்பதை வெளிப்படையாக எண்களை அனுப்பியே இருவரும் ரகசியமாக முடிவு செய்ய வேண்டும். 2, 29 இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த எண்கள். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி 29ஆல் வகுத்தேன், மீதி 18. அவள் பதினேழு இரண்டுகளைப் பெருக்கி வகுத்ததில் 21. மீதிகளை மாற்றிக்கொண்டோம். பதினொரு 21களை நானும் பதினேழு 18களை அவளும் அதேபோலப் பெருக்கி வகுத்ததில் இருவருக்கும் வந்த மீதி 26. அதுதான் சாவி, எழுத்தைத் தள்ள வேண்டிய இடங்கள்.

லேபில் மேடம் முன் ஓட்டிக் காட்டினோம். பஜாரில் சந்திப்போம் என்று ஆங்கிலத்தில் கொடுத்த வரி, ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வெளியே வந்தது.

"ஏன்டி, நீ பூட்டவே இல்லியா?" என்றாள் தோழி.

பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். "பூட்டுனா மட்டும்? உங்க ப்ளாக் நம்பரு பஸ் டிரைவருக்கே தெரியும்."

நிரலில் பிழை இல்லை. மொத்தமே இருபத்தாறு எழுத்து. இருபத்தாறு இடம் தள்ளினால் சுற்றி வந்து பழைய இடம்தான்.

"திங்கக்கிழமை சரியா காட்டுங்க, இல்லன்னா மார்க் கிடையாது" என்றார் மேடம்.

ரகசிய எண்ணை இனி கணினியே குலுக்கி எடுக்கட்டும். 29க்குப் பதில் மிகப் பெரிய பகா எண் வைக்கலாம். எழுத்துகளைத் தள்ளாமல், சாவியைக் கொண்டு சீட்டுக்கட்டுபோல் கலைத்து எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்ற மாற்று அட்டவணை ஒன்று செய்யப் போகிறேன். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து எதுவென்று எண்ணி அதையும் உடைக்கலாம்தான். முதலில் அது கலைகிறதா என்று பார்க்க வேண்டும்.