ஆர்.சி. வீட்டுக் கதவு

கோயம்புத்தூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் எங்களுக்குப் பங்கு, அதாவது குடும்பமாகப் பேர் பதிந்த கோயில், கிடையாது என்பது எனக்குத் தெரியாது. கணவருக்குப் பம்பு கம்பெனியில் வேலை, துடியலூர்ப் பக்கம் வாடகை வீடு. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து நகரத்துக்குள் இருக்கும் பெரிய கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்து வருவோம். நான் தூத்துக்குடிக்காரி. ஊரில் ஒரு பூசையைத் தவறவிட்டால் மறுநாள் மீன் கடையில் விசாரிப்பார்கள். இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் அது நிம்மதியாகவே இருந்தது.

நாலாம் வகுப்புக்குப் போன மகள்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தாள். ஊரில் அவளுடைய சிநேகிதிகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிவிட்டார்களாம். வெள்ளைக் கவுன் போட்டு, மெழுகுதிரி பிடித்து நிற்கும் போட்டோவெல்லாம் வந்திருந்தது. "எனக்கு எப்பம்மா?" என்று காலையும் மாலையும் நச்சரித்தாள்.

பெரிய கோயில் ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "வீடு எங்கிருக்குதோ அந்தப் பங்குலதானுங்க சேரோணும். உங்க ஏரியாவுலயே கோயில் இருக்குதுங்களே" என்றார். விசாரித்துப் போனால், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தகரக் கூரையைப் பார்த்து, கல்யாண மண்டபம் என்று எட்டு மாதமாக நான் நினைத்திருந்த கட்டடம் அது.

அங்கே பங்குத்தந்தை ஒரு படிவத்தைக் கொடுத்தார். மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், பழைய பங்கிலிருந்து மாறுதல் கடிதம் வேண்டும். இரண்டையும் அம்மாவிடம் சொல்லிக் கூரியரில் வரவழைத்துப் பிறகு கொடுத்தால் போதும். மூன்றாவதாக, எங்கள் அன்பியப் பொறுப்பாளரின் கையெழுத்து. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழுதான் அன்பியம். ஊரில் அம்மா போவாள். நான் டீ போட்டுக் கொடுப்பதோடு சரி.

"அவங்க உங்களைத் தெரியும்னு கையெழுத்துப் போடோணுமுங்க. ஞாயித்துக்கிழமையோட புதுநன்மை வகுப்புக்குப் பதிவு முடியுது. விட்டா அடுத்த வருசந்தான்" என்றார் ஃபாதர்.

அன்று வெள்ளிக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பு கையில் பைபிளோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர் அவர். "ஏனுங்க, உங்கூட்ல ஜெபம் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். வேறு ஏதோ சபையிலிருந்து ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, "நாங்க ஆர்.சி., எங்களுக்கு வேண்டாம்" என்று முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டேன். விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு போய்க் குழம்பைக் கிளறியது வரை நினைவிருக்கிறது.

படிவத்தை நீட்ட எனக்குக் கை வரவில்லை. மன்னிப்பைத்தான் முதலில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நாங்களும் ஆர்.சி.தானுங்கன்னு சொல்றதுக்குள்ள சாத்திப்போட்டீங்க அம்மணி. சரி, உள்ள வாங்க."

தெருவாரியாக வீடுகளை எழுதி வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்தார். எங்கள் கதவு எண்ணுக்கு நேரே பெயர் இல்லை. 'ஆர்.சி. குடும்பம். திரும்பப் போகணும்' என்று மட்டும் இருந்தது.

"பேரு தெரியாட்டி என்னங்க? வாராவாரம் உங்கூட்டுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிட்டு இருக்கறோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேனே, அந்த மூன்று மாதமும் இவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மகளைப் பார்த்து, "ஏங்கண்ணு, அடுத்த வெள்ளிக்கிழமை உங்கூட்ல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். என்னைக் கேட்காமலே அவள் சரி என்றாள். அந்த வெள்ளிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். பாட்டு, பைபிள் வாசகம், ஜெபமாலை எல்லாம் முடிந்து சுண்டல் கொடுத்தேன். உப்பு போட மறந்திருந்தேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டவர்கள்கூட உண்டு.

புதுநன்மைக்குத் தயார் செய்யும் மறைக்கல்வி வகுப்பு ஒரு வருடம் நடந்தது. புதுநன்மை அன்று அம்மாவுக்கு முழங்கால் வலி. ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. மகள் சொந்தக்காரர் யாருமில்லாமல் நிற்பாளே என்று காலையிலிருந்தே எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு முழுக்க அன்பியத்துக்காரர்கள்.

பூசை முடிந்து பீடத்துக்கு முன்னால் மகளை நிறுத்திய போட்டோகிராபர், "சொந்தக்காரங்க மட்டும் வந்து நில்லுங்க" என்றார். நானும் கணவரும் எழுந்து முன்னால் போய்த் திரும்பினோம். இரண்டு பெஞ்சும் காலியாகி எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. முதல் ஆளாக அந்த அக்கா.