ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

பலாபத்வல பெட்ரோல் ஷெட்டில் பகல் இரண்டு மணிக்கு ஆள் மாறுவோம். காலை முறை நானாவுடையது. என்னைவிட மூத்தவர், ஊர் முஸ்லிம். அடுத்த முறை என்னுடையது.

ஆள் மாறும்போது பம்ப் மீட்டர் காட்டும் எண்ணை எழுதி, அதுவரை ஓடியதற்கு அவரும் அதற்குமேல் ஓடுவதற்கு நானும் காசு கட்ட வேண்டும். மீட்டரின் கடைசிச் சக்கரம் சில நாள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தொங்கும். ஆறு என்று எழுதினால் அரைக் கேலன் காசு என் கையைக் கடிக்கும், ஏழு என்றால் அவர் கையை.

"ஆறுதான் தம்பி."

"கண்ணக் கழுவிட்டு வந்து பாருங்க நானா. ஏழு."

எண் நேராக நிற்க அரைக் கேலன் ஓட வேண்டும். முழுக் கேலனாக வாங்கும் கார்களால் பயனில்லை. எத்தனை ஊற்றினாலும் சக்கரம் மறுபடி நடுவிலேயே வந்து நிற்கும். அரைக் கேலன் போடும் மோட்டார் சைக்கிள் வரும்வரை நானா வீட்டுக்குப் போக மாட்டார். பிளேன்டீ குடித்தபடி யட்டவத்தைச் சந்தையின் மிளகு விலையிலிருந்து மகளின் கல்யாணம்வரை பேசித் தீர்ப்பார்.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த வாத்தியார், "இன்னைக்கு ஒரு கேலன் போடுங்க" என்றார்.

"அரை போதும் சேர்!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். மனிதர் மிரண்டுபோய் அரையோடு கிளம்பினார்.

நானா வேலையை விட்ட பிறகு ஒரு புதியவன் வந்தான். முதல் நாளே சக்கரம் நடுவில் நின்றது.

"ஏழு" என்றேன், சண்டைக்குத் தயாராக.

"நீங்க சொன்னா சரிங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இரண்டு பிளேன்டீக்குச் சொல்லியிருந்தேன்.