கடைசிப் படம் நகர்ந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அண்ணன் வந்து கதவைத் தட்டியபோது லேப்டாப்பின் மூலையில் ஓடும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அன்று மாலை ஐந்தரைக்கு, அப்பா இறந்த முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் முதலில் அப்பாவின் நினைவு வீடியோ, பிறகு சாப்பாடு. நாற்பத்தொரு படங்கள், ஒரு பாட்டு. இருபது நாளாக அதை நானே உட்கார்ந்து செய்திருந்தேன். ஓசூரில் ஸ்டுடியோக்காரர்களிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லேப்டாப் என் மகளுடையது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவள் வீட்டை விட்டுப் போனபோது விட்டுச் சென்றது. கல்லூரியில் படித்த காலத்தில் உறவுக்காரர்களின் கல்யாண வீடியோக்களை அதில்தான் செய்துகொடுப்பாள். நான் பக்கத்தில் காபியோடு நின்று பார்த்திருக்கிறேன். அசையாத படத்தை நகர வைப்பது மந்திரம் ஒன்றுமில்லை. படம் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் தெரியவேண்டும் என்று சொல்ல வேண்டும். முடியும் இடத்தில் இன்னொரு புள்ளி. நடுவில் உள்ளதைக் கணினி பார்த்துக்கொள்ளும். "மெதுவா போகணும்பா. நகருதுன்னே தெரியக்கூடாது. அப்புறம், மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடணும்" என்று அப்போது சொன்னாள். அவளுடைய பழைய கோப்புகளைத் திறந்து, புள்ளிகளை எங்கெங்கே வைத்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அவளிடம் பேசாமல் அவளிடம் படித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

முதல் படம் அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பஸ் கண்டக்டர் வேலை கிடைத்த புதிதில், காக்கி உடுப்பும் தோல் பையுமாக அப்பா விறைத்து நிற்பார். நெட்டுவாக்கில் உள்ள படம். அப்படியே போட்டால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். அகலம் நிரம்பும்வரை பெரிதாக்கி, காலில் தொடங்கி முகத்தில் முடியும்படி வைத்தேன். அண்ணன் அதை முதல்முறை பார்த்தபோது, "ஏண்டா, அப்பாவ காட்டறியா, செருப்புக்கடை வெளம்பரம் பண்றியா?" என்று கேட்டான். ஆனால் படம் முகத்துக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

படங்களை முடிந்தவரை நல்ல ஸ்கேனரில் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் வந்தவற்றைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இப்படி ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நகர்வு வைத்தேன். கடைசிப் படம்தான் என்னை இருபது நாளும் அலைக்கழித்தது.

அது அப்பாவின் கைபேசியில் கிடைத்தது. அவர் பல் தெரியச் சிரிக்கும் ஒரே படம். படத்தின் இடது பாதியில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலது பாதியில் என் மகள். அப்பா அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். பின்னால் இருக்கும் சுவர் எங்கள் வீட்டுச் சுவர் இல்லை. எல்லைக்கு அந்தப்புறம், அரைமணி தூரத்தில் இருக்கும் அத்திப்பள்ளியில் அவள் குடியிருக்கும் வீடு என்று தேதியைப் பார்த்தபிறகு புரிந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அப்பா தனியாகப் பெங்களூர் பஸ் ஏறிய நாள் அது. மகள் கன்னடம் பேசும் ஒரு பையனை, கோயிலுக்கு வராத வீட்டுப் பையனை, பதிவு செய்து கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்று சொன்னவன் நான்தான். அப்பா அடக்கத்துக்கு அவள் வரலாமா என்று மனைவி கேட்டபோது, "நாலு பேரு முன்னாடி வேணாம்" என்றேன். அவள் மறுநாள் காலை கல்லறைக்குத் தனியாக வந்துபோனதாகக் கேள்விப்பட்டேன்.

ஸ்டுடியோவில் கொடுக்காததற்கு இதுதான் காரணம். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும், அவள் வேண்டாம். இதை வேறு ஒருவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நானே செய்தால் சொல்லத் தேவையில்லை. அப்பா முகம்வரை பெரிதாக்கித் தொடங்கினேன். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போய் முடித்தேன். அவள் முழுக்க வெளியே போய்விட்டாள். அப்பாவின் தோளில் இருந்த அவள் விரல்களும் தெரியாதபடி ஓரத்தை நகர்த்தினேன். வெட்டவில்லை, படச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்க்கும் பக்கம் இடம் இல்லாததால், அப்பா திரையின் ஓரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு சட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாற்பதுக்கு வந்த அண்ணன் கையில் ஒரு பென்டிரைவ்.

"அந்தப் பாட்ட எடுத்துருடா. எல்லா எழவு வூட்லயும் அதேதான் போடறாங்க. பாடற்குழு பசங்க பாடினது இது. அப்பா மொணமொணத்துக்கிட்டே இருப்பாரே, அந்தப் பாட்டு."

"இப்ப எப்படிண்ணா? ரெண்டு மணி நேரம்கூட இல்ல."

"பாட்டு மாத்தறதுக்கு என்னடா, ரேடியோவுல டேஷன் மாத்தற மாதிரிதான?"

அந்தப் பாட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் குறைவு. ஒவ்வொரு படத்தையும் எட்டு விநாடியிலிருந்து ஆறு விநாடியாகக் குறைத்தேன். பாட்டு முடிவதற்குத் தோதாகக் கடைசிப் படத்தை மட்டும் பன்னிரண்டு விநாடி விட்டேன். ஓட்டிப் பார்த்தால், முதல் படத்தில் அப்பாவின் முகம் வரவே இல்லை. கால், பை, அதோடு நின்று அடுத்த படம் வந்தது. படத்தின் கடைசி இரண்டு விநாடியை வெட்டியபோது முடிவுப் புள்ளிகள் வெட்டுக்கு வெளியே விழுந்துவிட்டன என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாப் படமும் முக்கால் வழியில் அறுந்து நின்றது.

நாற்பத்தொன்றையும் தனித்தனியே சரிசெய்ய நேரமில்லை. முதல் படத்தைக் கையால் சரிசெய்தேன். பிறகு குடும்பத்தார் வரிசையாக நிற்கும் ஒரு படத்தை எடுத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, இடமிருந்து வலமாக ஆறு விநாடியில் நகரும்படி வைத்தேன். அந்த நகர்வைக் காப்பி செய்தேன். மற்ற எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினேன். பழைய புள்ளிகள் போய்ப் புதியவை உட்கார்ந்தன. முதல் ஐந்தாறு படங்களை ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மீதியைப் பார்க்கவில்லை. வீடியோவாக மாற்றக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பழைய லேப்டாப், ஐம்பது நிமிடம் இழுத்தது. பென்டிரைவில் ஏற்றும்போது கோயில் மணி அடித்துவிட்டது. கடைசிப் படமும் அந்த மொத்தத்தில் இருந்தது என்பது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். முதல் படத்தில் கால், பை, முகம் எல்லாம் வந்தது. அண்ணன் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி முன்வரிசையில் கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்கிறாள் என்று நினைத்தேன். படங்கள் ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக நகர்ந்தன.

கடைசிப் படம் வந்தது. அப்பா சிரித்தார். பிறகு படம் மெல்ல வலப்பக்கம் போகத் தொடங்கியது. தோளில் அவள் விரல்கள் வந்தன. வளையல் வந்தது. அப்பாவின் முகம் இடப்பக்கமாக வெளியேற, என் மகளின் முகம் சுவர் அளவுக்குத் திரையில் நிறைந்தது. எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். எழவில்லை. ஆறு விநாடியில் நகர்வு முடிந்தது. படமோ பன்னிரண்டு விநாடி. மீதி ஆறு விநாடியும் அது அசையாமல் அவள் முகத்திலேயே நின்றது. பாட்டு முடியும்வரை நின்றது.

விளக்கு போட்டதும் அண்ணன் என் தோளை அழுத்தினான்.

"நல்லா பண்ணிட்டடா. அவளச் சேத்துக்கடான்னு நானே உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். அப்பாவுக்கு இதான் வேணும்."

இல்லை அண்ணா, தவறிப்போய்விட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள். சிலர் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். செய்யாத நல்லதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்தில் அப்பாவை வைத்து நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

மனைவி வந்தாள். "அவ பாத்துட்டுதான் இருந்தா" என்றாள்.

"யாரு?"

"யாருன்னு கேக்கறீங்களே. மொதல்ல இருந்தே வீடியோ கால்ல வெச்சிருந்தேன். கடைசிப் படம் வந்ததும் கட் பண்ணிட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கட் பண்றதுக்கு முன்னாடி வண்டிச் சாவி எடுக்கற சத்தம் கேட்டுச்சு."

பந்தி தொடங்கியது. நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு இலை இலையாகப் போனேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாத வேலை அது. அவள் வந்து நன்றி சொன்னால் என்ன செய்வது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளை இரண்டாவது முறையாக வெளியே நிறுத்தியவனாவேன். சொல்லாவிட்டால், அவள் என்னை மன்னித்ததற்கு வாழ்நாள் முழுதும் ஒரு தவறே காரணமாக இருக்கும். இரண்டாவது பந்திக்கு இலை போடும்போது வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். நேராக என்னிடம் வந்தாள். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"காப்பி பேஸ்ட் பண்ணிட்டீங்கப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாப் படமும் ஒரே பக்கம், ஒரே வேகத்துல போவுது. ஒண்ணொண்ணா வெச்சிருந்தீங்கன்னா அது என்கிட்ட வந்திருக்காது."

"ஆமா" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

"தாத்தா என்னைப் பாத்துத்தான சிரிச்சாரு. அது நெசம். அது போதும். பசிக்குதுப்பா, நான் எந்த எலைல உக்காரட்டும்?"