பச்சை ரவிக்கையில் முளைத்த கைகள்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் மஜீதாவின் துணிக்கடைக்குப் போகிறவர்களுக்கு மலரைத் தெரியும். எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பாள். கடையைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மோட்டார் சைக்கிள் வரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள்.

"அடியே, அந்தப் பூட்டு உனக்குப் பயந்தே திறக்காது லா" என்று மஜீதா சிரிப்பாள்.

"சிரிங்கக்கா. திருடன் வந்தா நீங்கதான் முதல்ல அழுவீங்க" என்பாள் மலர்.

அவள் பயந்த பெண்ணாகப் பிறந்தவள் அல்ல. இருபது வயதில் இதே ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சு இயந்திரத்தில் சிக்கிய துண்டை எடுக்கும்முன் இயந்திரம் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் பார்க்காமல் கையை விட்டாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கிப்போனது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்ப்பது. மஜீதாவுக்கு அவள் பயம் தெரியும், அதன் காரணம் தெரியாது. மலர் யாரிடமும் சொன்னதில்லை.

கடையில் அவளுடைய வேலை கணினியில். வாடிக்கையாளர் ஒருவர் துணியைப் போட்டுப் பார்க்காமலேயே, போட்டால் எப்படி இருக்கும் என்று காட்டும் மென்பொருள் ஒன்றை மஜீதா மாதச் சந்தா கட்டி வாங்கியிருந்தாள். மலர் துணியை மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்துத் தனியாக ஒரு படம் எடுப்பாள். வாடிக்கையாளரைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து இன்னொரு படம் எடுப்பாள். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதையும் அவள் தெரிந்துவைத்திருந்தாள், தெரியாத இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார அவளுக்குப் பயம் என்பதால். முதலில் அது ஆளின் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, குச்சி பொம்மை போல வண்ணக் கோடுகளில் ஒரு வரைபடம் போடும். பிறகு ஆள் உடுத்தியிருக்கும் துணியையும் கைகளையும் சாம்பல் நிறத்தால் மூடிவிடும். பழைய துணியின் வடிவம் புதிய படத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? மூடிய இடத்தில், சிக்னல் இல்லாத பழைய டிவியில் தெரியுமே, அந்த மாதிரி வெறும் புள்ளி இரைச்சலை நிரப்பும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலைக் கழற்றும். ஒவ்வொரு முறையும் துணியின் படத்தைப் பார்த்துப் பூவும் கரையும் எப்படி என்று தெரிந்துகொள்ளும். குச்சி பொம்மையைப் பார்த்துக் கை எங்கே மடங்குகிறது என்று தெரிந்துகொள்ளும். கடைசியில் இரைச்சல் போய் உடை நிற்கும். மூடாத இடங்களான முகமும் சுவரும் தரையும் அப்படியே இருக்கும்.

படம் தயாரானதும் மலர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். விரல் ஆறாக முளைத்திருக்கும். பொத்தான் இடம் மாறியிருக்கும். அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடுவாள்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். கடையில் நிற்க இடமில்லை.

"மலர், ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டு இருந்தா பெருநாள் முடிஞ்சுரும். தானா அனுப்புற பட்டன தட்டி விடு லா. இன்னிக்கு எடுத்த துணி எல்லாத்தையும் எல்லாருக்கும் போட்டு அனுப்பட்டும். நாலு பார்த்தா ரெண்டு வாங்குவாங்க."

"பார்க்காம எப்படிக்கா..."

"அலமாக்! இது என்ன ராக்கெட்டா?"

மலர் தட்டிவிட்டாள். அன்று மேசையில் விரித்துப் படமெடுத்த துணிகளில் பாஜு கூரோங் என்ற நீளமான மலாய் உடைகளோடு, ஒரு கல்யாண வீட்டுக்காகத் தனியாக வந்த கையில்லாத பச்சை ரவிக்கையும் இருந்தது என்பது அவள் நினைவிலேயே இல்லை.

மறுநாள் பிற்பகல் கடைக்குள் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் மாஹிர், துறைமுகத்தில் வேலை செய்கிறவன், சீருடையிலேயே வந்திருந்தான். பின்னால் அவன் தங்கை ஆப்ரின். முந்தின நாள் தலையை மூடும் தூடோங்கும் நீண்ட சட்டையுமாக வந்து, உடை மாற்றும் அறையில் இரண்டு கூரோங் போட்டுப் பார்த்து, சுவரோரம் நின்று படமும் எடுத்துக்கொண்டு போனவள். அவள் போன் உடைந்திருந்ததால் அண்ணனுடைய எண்ணைக் கொடுத்திருந்தாள். இப்போது அவள் கண்கள் வீங்கியிருந்தன.

மாஹிர் போனை மலரின் முன்னால் நீட்டினான்.

"அக்கா, இது என்ன?"

படத்தில் ஆப்ரின் நின்றாள். முகம் அவளுடைய முகம்தான். தூடோங் தலையில் இருந்தது, ஆனால் மார்பின்மேல் தொங்க வேண்டிய பகுதியைக் காணவில்லை. பின்னால் தள்ளிவிட்டது போல இருந்தது. கழுத்து தெரிந்தது. பச்சை ரவிக்கை. தோளிலிருந்து விரல்வரை வெறும் கைகள்.

மலர் முந்தின நாள் போன படங்களின் பட்டியலைத் திறந்தாள்; அதில் பச்சை ரவிக்கையும் இருந்தது.

"உடுப்பு மாத்துற ரூம்ல கேமரா வச்சிருக்கீங்களா?" மாஹிர் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அந்த ரூம் சுவரேதான். நேரா பார்த்துக்கிட்டு நிக்கிறா. கண்ணாடிக்குப் பின்னாடியா வச்சிருக்கீங்க?"

படமெடுக்கும் சுவருக்கும் உடை மாற்றும் அறைக்கும் ஒரே டின்னிலிருந்து பெயின்ட் அடித்தவள் மஜீதா. அவள் கல்லாவிலிருந்து ஓடிவந்தாள். "தம்பி, அல்லாஹ் மேல ஆணையா என் கடையில..."

"ஆணை எல்லாம் போலீஸ்கிட்ட சொல்லுங்க."

ஆப்ரின் மெதுவாகச் சொன்னாள்: "நான் இந்த ரவிக்கைய தொடவே இல்லக்கா. ஆனா அங்க தூடோங் கழட்டுனேன். கழட்டுனேன்தானே? இத வேற யாரு பார்த்தாங்க?"

அந்தக் கேள்விதான் மலரைக் குத்தியது. இந்தப் பெண் இனி எந்தக் கடையின் கண்ணாடி முன்னாலும் நிம்மதியாக நிற்க மாட்டாள்.

"இது போட்டோ இல்லப்பா" என்றாள் மலர். "கம்ப்யூட்டர் வரைஞ்சது. தப்பு என்னோடது. பார்க்காம அனுப்பிட்டேன். தூடோங்கோட கீழ்ப்பாதிய அது சட்டைன்னு நினைச்சு சேர்த்து மூடிருச்சு. ரவிக்கைக்குக் கை இல்லையா, அதனால கைய அதுவே வரைஞ்சிருச்சு. பாப்பாவோட கைய அது பார்த்ததே இல்ல."

"வரைஞ்சதா?" மாஹிர் படத்தைப் பெரிதாக்கினான். தோளில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. முழங்கையில் மெல்லிய மடிப்பு. "இது வரைஞ்ச கையா? எங்கள என்ன ஒண்ணும் தெரியாத கம்பத்து ஆளுன்னு நினைச்சீங்களா?"

"மறுபடியும் பண்ணிக் காட்டுறேன். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் வேற, வர்ற கையும் வேற..."

"என் படத்த வச்சு இன்னொண்ணு பண்ணாதீங்க!" ஆப்ரின் கத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மலரின் விரல் மவுஸிலிருந்து எழுந்தது. அந்தப் பெண் சொல்வது சரி. தன் கை அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், அவள் தன் கையைத்தான் காட்ட வேண்டும். காட்டக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை அழுகையும்?

மாஹிர் போலீஸ் நிலைய எண்ணைத் தேடத் தொடங்கினான்.

"அப்ப என்னைய வச்சுப் பண்ணுறேன்" என்றாள் மலர்.

கடைப் போனை மாஹிரிடம் கொடுத்துவிட்டு, ஆப்ரின் நின்ற அதே சுவரோரம் போய் நின்றாள். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். "எடுங்க தம்பி. நீங்களே எடுங்க."

அவன் எடுத்தான். படத்தைக் கணினியில் ஏற்றி, பச்சை ரவிக்கையின் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். திரையில் குச்சி பொம்மை வந்தது: தோளில் ஒரு புள்ளி, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று.

"பாருங்க, என் கையப் பத்தி அதுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். எங்க மடங்குது, எங்க முடியுது."

பிறகு அவள் உடலும் கைகளும் சாம்பலில் மறைந்தன. முகம் மட்டும் மேலே மிதந்தது. இரைச்சல் கொட்டியது. ஆப்ரின் அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அது வரையும் கை எப்படி வேண்டுமானாலும் வரலாம். தற்செயலாக ஒரு கறையோ சுருக்கமோ விழுந்துவிட்டால்? இடது கையில், அதே இடத்தில்? அப்புறம் இவர்கள் எதையும் நம்ப மாட்டார்கள். இரைச்சல் குறையக் குறையப் பச்சை திரண்டது. தங்கச் சரிகை வந்தது. கைகள் மங்கலாக எழுந்து பிறகு தெளிந்தன.

வழுவழுப்பான கைகள். இடது கை, தொழிற்சாலைக்குப் போகும்முன் அவளிடம் இருந்தது போலவே இருந்தது. அவள் அதைத் திரையில் விரலால் ஒருமுறை தொட்டாள்.

"இப்ப என் கையப் பாருங்க."

இடது கையின் பொத்தானைக் கழற்றினாள். விரல் வழுக்கியது. சட்டையைச் சுருட்டி முழங்கைக்கு மேலே தள்ளினாள். வெந்து இறுகிய தோல் வெளிச்சத்தில் பளபளத்தது.

மஜீதா வாயைப் பொத்திக்கொண்டாள். "மலரு... இத்தன வருஷமா..."

மாஹிர் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "போதும்க்கா. மூடிக்குங்க."

ஆப்ரின் தன் சட்டையின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் கையிலயும் ஒரு தழும்பு இருக்கு" என்றாள். "அந்தப் படத்துல அது இல்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். பயத்துல கையப் பார்க்கவே இல்ல."

அண்ணனின் போனிலிருந்தும், கடைப் போனிலிருந்தும், கணினியிலிருந்தும் அந்தப் படத்தையும் முந்தின நாள் படத்தையும் அவர்கள் கண் முன்னாலேயே மலர் அழித்தாள். மென்பொருள்காரர்களிடம் இருக்கும் நகலையும் அழிக்கச் சொல்லி, மஜீதா அங்கேயே நின்று எழுதி அனுப்பினாள். மலர் தானாக அனுப்பும் பட்டனையும் அணைத்தாள்.

வாசலில் மாஹிர் நின்றான். "அக்கா, எங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா இந்த மாதிரி ஒண்ணு வெளிய போச்சுன்னா, பார்க்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நீங்க கையக் காட்ட முடியுமா?"

அவர்கள் எதுவும் வாங்காமல் போனார்கள்.

இப்போதெல்லாம் சாம்பல் விழுந்ததும் மலர் வேலையை நிறுத்திப் பார்க்கிறாள். தூடோங்கின் ஓரம் அதற்குள் போயிருந்தால், பெண்ணின் சட்டையைவிடக் கை குட்டையான துணி பக்கத்தில் இருந்தால், அங்கேயே ரத்து. மஜீதா முணுமுணுப்பதில்லை.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் கடை மூடும்முன், மலர் உடை மாற்றும் அறைக்குள் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதை ஆணியடித்து மாட்டியவளே அவள்தான். இருந்தாலும் விரலால் தட்டிப் பார்த்தாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள். சுவர்தான்.

கதவைச் சாத்திவிட்டு நாலு அடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடியும் தட்டினாள்.