பார்வையாளர் அட்டை

அறந்தாங்கியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் வரவேற்பு மேசை என்னுடையது. வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லி, பார்வையாளர் அட்டை தருவேன். அதிகாரி இறங்கிவந்து அழைத்தால்தான் மாடிக்கு விட வேண்டும்.

அன்று வந்த பெண், வந்த காரணம் என்ற இடத்தில், ‘வீட்டுக்காரர் நாலு நாளாகப் போன் எடுக்கவில்லை’ என்று எழுதினார். மாடிக்குப் போன் செய்தேன்.

“அவரு எறந்துட்டாருங்க. நாங்க வந்து சொல்றோம், நீங்க எதுவும் சொல்லிறாதீங்க” என்றார் அதிகாரி.

சாயங்காலம்வரை ஒரு பயலும் இறங்கவில்லை. நான் மூன்று முறை தண்ணீர் கொடுத்தேன்.

மூடும்போது அந்தப் பெண் வெளியேறும் நேரத்தை எழுதிவிட்டு, அட்டையைக் கழற்றித் தந்தார்.

“நீங்களாச்சும் மரியாதையா நடத்துறீங்க. நாளைக்கு வாரேங்க.”