பெட்டி மூடியில் ஒட்டிய பிழை

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஞானசெல்வி வாய் திறக்க மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

அவளும் நானும் போர்ட் பிளேயரில் ஒரே வகுப்பு. அவள் அப்பா அடைக்கலசாமிக்குச் சாத்தம் மரமில்லில் கூலி வேலை. சென்னையில் கல்லூரியில் சேரத் தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு அரசு சீட்டு உண்டு. பௌதிக மதிப்பெண் நன்றாக வந்தால் அது அவளுக்குத்தான். மெயின்லேண்ட் போக அவளுக்கு வேறு வழியே கிடையாது.

பௌதிக வாத்தியார் பாலசுப்பிரமணியம். கம்பியின் தடிமன் அளக்கும் திருகு அளவிகளில், கடல் காற்றில் துருப்பிடித்து இறுகிப்போகாமல் தப்பியது ஒன்றே ஒன்று. நடுவில் எதுவும் வைக்காமல் அதை மூடினால், சுற்றுகிற தலைக்கோலின் பூஜ்யம் நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்காது, நாலு காட்டும். தலைக்கோலில் மொத்தம் நூறு பிரிவு; ஒரு பிரிவு என்பது 0.01 மில்லிமீட்டர். ஒன்றுமில்லாததற்கே நாலு அதிகம் காட்டுவதால், எதை அளந்தாலும் 0.04 கழிக்க வேண்டும். இது சரிதான். ஆனால் மனுஷன் என்ன செய்தார்? ‘பிழை +4, கழிக்கவும்’ என்று காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டார்! அதற்குப் பிறகு யாரும் அளவியை மூடிப் பார்த்ததில்லை. மூடியைப் பார்த்தோம், கழித்தோம்.

செய்முறைத் தேர்வுக்கு மெயின்லேண்டிலிருந்து தேர்வாளர் கோவிந்தராஜ் கப்பலில் வந்தார். அவர் கண்ணுக்குப் பளபளக்கட்டும் என்று முந்தின நாள் வாத்தியார் உப்புத்தாளை எடுத்து அந்த அளவியில் கம்பியைக் கவ்வும் முகங்களைத் தேய் தேய் என்று தேய்த்தார். துருவோடு இரும்பும் கொஞ்சம் போயிருக்கும். பிறகு தானே கம்பியை அளந்தார். 0.90 காட்டியது. மூடியைப் பார்த்து 0.04 கழித்து, சரியான விடை 0.86 என்று தேர்வாளரிடம் எழுதிக் கொடுத்தார்.

ஒவ்வொருவராகப் போய் அளந்தோம். எல்லாருக்கும் 0.86. ஞானசெல்வி மட்டும் 0.92 எழுதினாள்.

“க்யா ஹுவா, என்ன ஆச்சு உனக்கு? மூடியில எழுதியிருக்கறது கண்ணு தெரியலையா?” என்று வாத்தியார் கத்தினார்.

“நான் மொதல்ல சும்மா மூடிப் பாத்தேன் சார். நாலு இல்ல. தொண்ணூத்தெட்டுல நிக்கி.”

“முரட்டுத்தனமா முறுக்கினா அப்படித்தான் நிக்கும்!”

இப்படிப் பழி போட நாக்கு கூசவில்லை அவருக்கு. அவள் தேர்வாளர் முன்னால் அளவியைக் காலியாக வைத்து, நுனியில் இருக்கும் சின்னத் திருகை மட்டும் பிடித்துச் சுற்றினாள். முகங்கள் தொட்டதும் அது க்ளிக் க்ளிக் என்று சும்மா சுழன்றது. அதற்கு மேல் அதில் இறுக்கவே முடியாது. தொண்ணூற்றெட்டு. திறந்து மறுபடி மூடினாள். தொண்ணூற்றெட்டு.

“பூஜ்யத்தத் தாண்டி ரெண்டு பிரிவு போயிருக்கு சார். கொறச்சுக் காட்டுது. அப்போ 0.02 கூட்டணும்லா?”

கோவிந்தராஜ் தானே மூடிப் பார்த்தார். “சரியாத்தாம்மா சொல்றே. அப்போ மத்தவங்க எல்லாருக்கும் தப்புப் போடணுமே?”

அவள்தான் சொன்னாள்: “அளந்தது யாரும் தப்பா அளக்கல சார். 0.90 எல்லாருக்கும் சரிதான். கழிச்சதுதான் தப்பு. அவங்களையும் ஒருக்க மூடிப் பாக்க விடுங்க.”

விட்டார். எல்லாரும் 0.92 என்று திருத்தினோம். எல்லாருக்கும் முழு மதிப்பெண். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

கப்பல் போனதும் அவர் புத்தி தெரிந்தது. ரெக்கார்டு நோட்டுக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள மதிப்பெண் அவர் கையில் இருந்தது. ‘பணிவு இல்லை’ என்று எழுதி அவளுக்கு மட்டும் வெட்டினார். பாவி! தன் உப்புத்தாள் செய்த வேலைக்கு அவள் படிப்பை வெட்டினார். சீட்டு வேறொருவருக்குப் போனது. தீவிலேயே பெரார்கஞ்ச் ஊரில் ஒரு சின்னப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்து அவள் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெட்டி மூடிகளில் இருந்த காகிதங்களை எல்லாம் முதல் நாளே கிழித்துப் போட்டாளாம்.

போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் ஒரு பெண், பெயர் சந்திரமதி. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பாலசுப்பிரமணியத்தின் மகள். அந்த ஆளை இதே பள்ளிக்கு மாற்றியிருந்தார்களாம்; மகள் தேர்வு எழுதுவதால் அன்று உள்ளே விடவில்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. நானாக இருந்தால் அந்தப் பெண்ணின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சந்திரமதி அளவியைக் கையில் வாங்கியதும் கம்பியை நடுவில் வைக்கப் போனாள். “பிழை பிளஸ் மூணுன்னு அப்பா சொல்லி அனுப்பினார்க்கா” என்றாள்.

ஞானசெல்வி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒங்கப்பா சொன்னாலும் நம்பாத பிள்ள. மொதல்ல சும்மா மூடிப் பாரு.”