ஒரே கிரைண்டரை இரண்டு முறை விற்ற ஜெபமலர்

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஜெபமலருக்கும் அவள் கணவன் ஞானையனுக்கும் ஒரு மிக்ஸி, கிரைண்டர் கடை இருந்தது. குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். வந்த புதிதில் கல்லாவில் உட்காரக் கூச்சப்பட்டாள். ஆறு மாதத்தில், அவள் உட்கார்ந்திருந்தால் ஞானையன் கடைக்குள் வரக் கூச்சப்பட்டான்.

ஞானையன் பேச்சால் பிழைப்பவன். கடைவாசலில் நிழலுக்கு ஒதுங்கியவர்கள்கூட மிக்ஸியோடு வீட்டுக்குப் போனார்கள். சர்ச்சில் பாஸ்டர் காணிக்கைக்காக அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசி வசூலிப்பதை இவன் ஐந்து நிமிடத்தில் வசூலித்துவிடுவான் என்று ஜெபமலர் சொல்வாள். கூடவே, பாஸ்டர் பணத்தை வாங்கினால் அப்போதே எண்ணி வைப்பார், இவன் அதைச் செய்யமாட்டான் என்பதையும் சேர்த்துக்கொள்வாள். விற்றதைத் துண்டுச்சீட்டில் கிறுக்கி ஆணியில் குத்திவைப்பான். கம்ப்யூட்டரில் ஏற்றுவது கடை அடைக்கும் நேரத்தில் ஜெபமலரின் வேலை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அவள் இண்டர்நெட்டிலும் வியாபாரம் தொடங்கினாள். ஊர் ஓரத்துக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் வேலைபார்த்த தங்கை ஷிஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் கடையின் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தாள். ஏற்பாடு எளிது. கடைக் கம்ப்யூட்டரில் இருப்பு எத்தனை என்று காலையில் பார்த்து, அதே எண்ணை ஜெபமலர் சந்தையின் இணையப் பக்கத்திலும் அடிக்க வேண்டும். அங்கே ஆர்டர் வந்தால் அந்தப் பக்கம் தானாகவே ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்குள் பெட்டி கட்டி கூரியரில் போட வேண்டும்.

கிரைண்டரே அதிகம் போனது. வாரம் ஒன்றோ இரண்டோ. பூனாவுக்கும் புவனேஸ்வருக்கும்கூட இட்லி மாவு அரைக்கிற ஆசை பரவியிருப்பது ஜெபமலருக்கு வியப்பாக இருந்தது. சந்தைப் பக்கத்தில் கடையின் பெயருக்கு நேராகப் பச்சை நிறத்தில் பாராட்டுகள் வரிசையாக விழுந்தன. கருங்கல்லில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதுகூட அவளுக்கு அத்தனை நல்ல வார்த்தை கிடைத்ததில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் வினை வந்தது.

அன்று காலை கம்ப்யூட்டர் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஆறு என்றது. ஜெபமலர் சந்தைப் பக்கத்திலும் ஆறு என்று அடித்தாள். ஞானையனுக்கு அன்று நாக்கில் தனி அருள். ஓணக்கூட்டத்தில் மதியத்துக்குள் நான்கு கிரைண்டர் விற்றுச் சீட்டுகளை ஆணியில் குத்தினான். அதே நேரத்தில் இண்டர்நெட்டில் நான்கு ஆர்டர் விழுந்தன. கடையில் நான்கு போனது சந்தைக்குத் தெரியாது. சந்தையில் நான்கு போனது கடைக்குத் தெரியாது. ஆணியில் குத்திய சீட்டுகளும் சந்தைப் பக்கமும் தனித்தனியே ஆறிலிருந்து கழித்து, இன்னும் இரண்டு மிச்சம் என்று சாதித்துக்கொண்டிருந்தன.

மாலையில் ஆர்டர்களைப் பார்த்துக் குதூகலமாகக் குடோனுக்குப் போன ஜெபமலர், ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"கிரைண்டர் எங்க?"

"வித்தாச்சு," என்றான் ஞானையன், மாலை போடுவாள் என்கிற முகத்தோடு. "நாலு போச்சு, பாத்தியா?"

"நான் இங்க நாலு வித்திருக்கேன்."

"கொள்ளாமே, பிரமாதம்! அப்போ எட்டு வித்தாச்சு."

"இருந்தது ஆறு. எட்டு எப்பிடி விப்பிய? அதுலயும் ஒண்ணு..." அவள் கண் கடை முகப்புக்குப் போனது. அங்கே பார்ப்பவர்களை இழுப்பதற்காக ஒரு கிரைண்டர், ஊறவைத்த அரிசியோடு மூன்று மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் ஆறு.

ஆக, பெட்டியில் இருந்தவை ஐந்து. நான்கு கடையிலேயே போயிற்று. இண்டர்நெட்காரர்கள் நான்கு பேருக்கு ஒன்றுதான் பாக்கி. கோயம்புத்தூரிலிருந்து அடுத்த லோடு ஓணம் முடிந்துதான் வரும்.

ஷிஜாவுக்குப் போன் போட்டாள்.

"கேன்சல் பண்ணினா ஸ்டாக் இல்லைன்னு போகும் அக்கா. வாங்கினவங்க ரெட் கொடுப்பாங்க. மூணு ரெட் ஒண்ணா விழுந்தா உன்னைப் பின்னால தள்ளிருவாங்க. தேடுறவங்க கண்ணுலயே படமாட்டே."

கண்ணில் படமாட்டாய் என்றது ஜெபமலருக்குப் பொறுக்கவில்லை. அதே கம்பெனியின் அதே கிரைண்டரைக் கடைத்தெருவில் விற்கிற இன்னொருத்தி இருந்தாள். எதிர்வரிசை ராஜபாய். இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் தனியாகப் பாடுகிற வரி யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. சமாதானப் பிரபு பிறந்ததைப் பற்றிய பாட்டு அது. சமாதானம் பண்ணி வைக்கப் போன பாஸ்டர் இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த வரியையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

ஜெபமலர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள். ராஜபாய் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வா ஜெபமலர். வழி தெரியாம வந்துட்டியா?"

"ரெண்டு லிட்டர் கிரைண்டர் மூணு வேணும் அக்கா."

"உலகம் பூரா விக்கியேன்னு சொன்னாவ. எனக்க கடைக்கு எதுக்கு வந்த?"

"வித்துட்டேன் அக்கா. விக்கதுக்கு சாமான் இல்லாம வித்துட்டேன்."

ராஜபாய் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்து மெதுவாகச் சப்பி ருசித்தாள். பிறகு இரண்டு பெட்டியை எடுத்துத் தந்தாள். இரண்டுதான் இருக்கிறது என்றாள். விலைச்சீட்டில் போட்டிருந்ததில் ஒரு பைசா குறைக்கவில்லை. "வெளியாளு கேட்டிருந்தா கொறச்சிருப்பேன். நீ நம்ம ஆளுதானே," என்றாள்.

கையில் மூன்று பெட்டி சேர்ந்தது. முதலில் ஆர்டர் போட்ட மூவருக்கும் அனுப்பினாள். கடைசியாகப் போட்டது பெங்களூரில் இருக்கும் சுப்ரியா என்றொரு பெண். பணத்தைக் கட்டி, திருவனந்தபுரம் வலியசாலையில் இருக்கும் தகப்பனார் வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். அதை ஜெபமலர் கேன்சல் செய்தாள். சரக்கு இல்லை, மன்னிக்கவும் என்று எழுதினாள். வலியசாலை கடையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் என்பது அப்போது அவள் மனதில் ஏறவில்லை.

மறுநாள் காலை அந்தத் தகப்பனார் நடந்து வந்தார். பட்டாபி என்று பெயர். வேட்டி, குடை, கையில் மொபைல். உள்ளே வந்தவர் முகப்பில் சுற்றுகிற கிரைண்டரின் முன்னால் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மொபைலை எடுத்தார்.

"சுப்ரியா, ஸ்டாக் இல்லேன்னு எழுதினாளே, அந்தக் கடையில்தான் நிக்கறேன். கிரைண்டர் இருக்கு. இருக்கறதாவது, சுத்திண்டு இருக்கு. அரிசிகூடப் போட்டிருக்கா."

ஜெபமலர் கல்லாவிலிருந்து ஓடிவருவதற்குள் பெங்களூரில் கம்ப்யூட்டர் திறந்துவிட்டது. "வாசலில் கிரைண்டரைச் சுற்றவிட்டுக்கொண்டு சரக்கு இல்லை என்று சொல்லும் கடை" என்று பச்சைகளின் தலைமேல் முதல் சிவப்பு விழுந்தது.

ஞானையன் வழக்கம்போல் வாயைத் திறந்தான். "சாரே, அது டெமோ பீஸு. இவ்வளவு கொள்ளாவுன்ன மெஷின் வேற..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ஜெபமலர். பட்டாபியிடம் திரும்பினாள். சமாளிப்பதற்கு நாலைந்து பொய் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. அவரது குடை தரையில் தட்டிய விதத்தில் ஒன்றும் ஓடாது என்று பட்டது.

"சார், தப்பு எங்க மேலதான். சாமான் ஒண்ணு. அதை இங்கயும் காட்டினோம், இண்டர்நெட்லயும் காட்டினோம். இவரு இங்க வித்தாரு, அது எனக்குத் தெரியாது. நான் அங்க வித்தேன், அது இவருக்குத் தெரியாது."

பட்டாபி யோசித்தார். "அதாவது, ஒரே மாப்பிள்ளையை ரெண்டு ஆத்துல நிச்சயம் பண்ணிட்டேள்."

"ஆமா சார்."

"நிச்சயதாம்பூலமும் வாங்கிண்டுட்டேள்."

"உங்க மகளுக்குப் பணம் திரும்ப வந்திரும் சார். லோடு வந்ததும் முதல் பெட்டி உங்க வீட்டுக்கு. நானே கொண்டாறேன்."

"அதுவரைக்கும் என் ஆத்துக்காரி ஜெயலக்ஷ்மி என்னைப் போட்டு அரைப்பா," என்றார் பட்டாபி. ஆனால் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போனார். லோடு வந்த அன்று ஜெபமலர் ஆட்டோவில் பெட்டியோடு வலியசாலைக்குப் போனாள். ஜெயலக்ஷ்மி மாமி கல்லைத் தட்டிப் பார்த்து, வயரை இழுத்துப் பார்த்து, "இது வேற யாருக்கும் வித்தாகலையே?" என்று கேட்டு வாங்கி வைத்தாள். சுப்ரியா சிவப்பை எடுக்கவில்லை. கீழே "பிறகு கொண்டுவந்து தந்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்தாள்.

அன்றே ஜெபமலர் சட்டம் போட்டாள். டெமோ கிரைண்டர் கணக்கில் வராது. வருகிற பெட்டிகளில் மூன்று குடோனில் தனி அலமாரிக்குப் போகும். சந்தைப் பக்கத்தில் அந்த மூன்று மட்டுமே காட்டப்படும், கடையில் எத்தனை இருந்தாலும். கடையில் விற்றால் முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பெட்டிக்குச் சாக்குக் கயிறு. ஆணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். பூட்டு மட்டும் ஞானையனுக்கு அவமானமாக இருந்தது.

"எனக்க கடையில எனக்கு சாவி இல்லையா?"

"சாவி அங்க தொங்குது. எடுக்கலாம். அதுக்கு முன்ன இண்டர்நெட் பக்கத்துல ஒண்ணைக் கொறைக்கணும். கொறச்சா எடுங்க. அதுக்கு முன்ன தொட்டா உங்களை டெமோ பீஸா முன்னால நிறுத்துவேன்."

சோதனை சீக்கிரமே வந்தது. வித்துராவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பெண்ணுக்குச் சீர். கடையில் கிரைண்டர் தீர்ந்திருந்தது. அலமாரியில் ஒன்றே ஒன்று. ஞானையனின் நாக்கு அரித்தது. சேச்சி, இரிக்கு, இப்போ தராம் என்று உட்காரவைத்துவிட்டுச் சாவியை நோக்கிப் போனவன், ஜெபமலரின் பார்வையைக் கண்டு கம்ப்யூட்டருக்கு வளைந்தான்.

ஒற்றை விரலால் பக்கத்தைத் திறந்தான். இணைப்பு ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கம் திறந்தபோது கிரைண்டருக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. சற்று முன்புதான் நாக்பூரிலிருந்து யாரோ ஒருவர் அதை வாங்கியிருந்தார்.

ஞானையன் திரையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அது கண் முன்னால் இருந்தது, ஆனால் அவனுடையதாக இல்லை. அவனுக்குப் புரிந்ததை ஜெபமலர் அவன் முகத்திலேயே பார்த்தாள்.

"சேச்சி," என்றான் கல்யாண வீட்டாரிடம், பல் பிடுங்கப்பட்டவன் குரலில், "இவிட இல்லா. எதிர்க்கடையில் ராஜபாய்ன்னு ஒராளு. அவிட கிட்டும்."

அவர்கள் தெருவைக் கடந்து போவதை அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபமலர் அலமாரியைத் திறந்தாள். நாக்பூர்ப் பெட்டியை இறக்கி, விலாசம் எழுத உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து ராஜபாய் தானே தெருவைக் கடந்து வந்தாள். கல்யாண வீட்டார் கிரைண்டரோடு மிக்ஸியும் குக்கரும் வாங்கிப் போன சந்தோஷம் முகத்தில் இன்னும் இருந்தது.

"எனக்கும் அந்த இண்டர்நெட்டைப் போட்டுத் தா ஜெபமலர்."

"தாறேன் அக்கா. உங்க குடோன்ல இப்போ கிரைண்டர் எத்தனை இருக்கு?"

ராஜபாய் மேலே பார்த்துக் கணக்குப் போட்டாள். "ஒரு பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"பத்தா, பன்னெண்டா?"

"பத்து. இல்ல, இரு, மருமகன் எடுத்த ஒண்ணு திரும்ப வரணும்..."

ஜெபமலர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க அக்கா," என்றாள். "காபி குடிச்சிட்டு ரெண்டுபேருமா போய் எண்ணுவோம்."